கையேட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்துவிடுங்கள்

சபா நிர்வாகிகளுக்கும், அரங்கேற்றக் கையேடு தயாரிக்கும் குருமார்களுக்கும், பெற்றோருக்கும்,

வணக்கம்.

நாட்டியக் கச்சேரிகளுக்கும் அரங்கேற்றங்களுக்கும் நீங்கள் அச்சிடுகிற ஆங்கிலக் கையேட்டைப் பற்றித்தான் இந்த மடல். அதன் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு சின்ன அகராதி இருக்கும். ராகம் என்றால் ஸ்கேல். தாளம் என்றால் பீட். முத்திரை என்றால் ஹேண்ட் ஜெஸ்ச்சர். யார் முதலில் எழுதினார்களோ தெரியாது, ஒரு கையேட்டிலிருந்து அடுத்த கையேட்டுக்கு அப்படியே போய்க்கொண்டிருக்கிறது. பல வருடங்களாக நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுகிறவள், மேடையில் ஆங்கிலத்தில் அறிவிப்பும் செய்கிறவள் என்கிற முறையில் நானும் அந்தக் கட்டத்தை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். ஓர் அரங்கேற்றத்துக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

அன்று என் பக்கத்து இருக்கையில் அந்தப் பெண்ணின் அப்பாவோடு வேலை பார்க்கும் ஒரு வெளிநாட்டு அம்மையார் உட்கார்ந்திருந்தார். தன் ஊரில் ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசித்தவர். கையேட்டை வரிவிடாமல் படித்தார். அன்றைய வர்ணம் பைரவி ராகம், ரூபக தாளம், தஞ்சை நால்வர் வழியில் வந்த 'மோகமான'. கையேட்டில் அந்த உருப்படிக்குக் கீழே, 'பைரவி என்பது மேற்கத்திய நேச்சுரல் மைனர் ஸ்கேல்' என்று ஒரு வரி. வர்ணம் முடிந்து கைதட்டல் அடங்கியதும் அவர் என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, கவலையோடு கேட்டார்: "பாடகிக்கு உடம்பு சரியில்லையா? மேலே போகும்போதெல்லாம் ஆறாவது சுரம் தப்பாக விழுந்தது. பாவம், இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் சரிசெய்துகொண்டார்."

அவருடைய காதில் ஒரு குறையும் இல்லை. அந்த அரங்கில் பாதிப் பேருக்குக் கேட்காதது அவருக்குத் துல்லியமாகக் கேட்டிருக்கிறது. பைரவியில் ஏறும்போது சதுச்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம். ஹார்மோனியத்தில் முதல் கட்டையை ச என்று வைத்துக்கொண்டால் 'ஏ' என்கிற வெள்ளைக் கட்டை சதுச்ருதி தைவதம், அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டை சுத்த தைவதம். இந்த இரண்டு தைவதமும் மாறி மாறி வருவதுதான் பைரவிக்கு அடையாளம். நேச்சுரல் மைனரில் சுத்த தைவதம் மட்டும்தான் உண்டு. நாம் கொடுத்த வரியை நம்பியதால், ராகத்தின் உயிரான இடம் அவருக்குப் பிழையாகக் கேட்டுவிட்டது. ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால்கூட, "அந்தச் சுரம் ஏன் இரண்டு விதமாக வருகிறது?" என்று ஆசையாகக் கேட்டிருப்பார்.

இந்தத் தவறு எப்படி வந்தது என்பதையும் யோசித்துப் பார்த்தேன். பைரவியை 20-ஆவது மேளமான நடபைரவியின் ஜன்யமாக வைக்கிறோம். நடபைரவியின் சுரங்களும் நேச்சுரல் மைனரின் சுரங்களும் ஒன்றே. தாய் ராகத்துக்குச் சொன்னதை யாரோ பிள்ளைக்கும் சேர்த்து எழுதிவிட்டார்கள். நான் விளக்கியதும் அந்த அம்மையார், "அப்படியானால் மெலடிக் மைனரா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. மெலடிக் மைனரிலும் ஏறும்போது ஆறாவது சுரம் உயரும், இறங்கும்போது தாழும். ஆனால் அங்கே ஏழாவது சுரமும் கூடவே உயர்ந்து தாழும். பைரவியில் நிஷாதம் அசையாமல் கைசிகியாகவே இருக்கிறது, தைவதம் மட்டும்தான் மாறுகிறது. ஆக அந்தப் பெயரும் பொருந்தவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: இன்னொரு பெயரைத் தேடுவது வீண். கேட்கிறவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொன்னால் போதும்.

ஸ்கேல் என்கிற சொல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆரோகண அவரோகணத்தைச் சொல்ல அது நல்ல சொல். ராகத்துக்குத்தான் போதாது. ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஏறும்போது ச ரி ம ப த ச, இறங்கும்போது ஏழு சுரமும். சுரஸ்தானங்களும் அவையேதான். ராகம் என்றால் ஸ்கேல் என்று ஒருவர் நம்பினால், இவை இரண்டும் அவருக்கு ஒரே ராகம். நமக்கோ, பாடகர் வாயைத் திறந்து ஒரு பிடி பிடித்ததுமே எது என்று தெரிந்துவிடுகிறது. ஆரபி விறுவிறுவென்று நடக்கும், காந்தாரத்தையும் நிஷாதத்தையும் நிற்காமல் தொட்டுவிட்டுப் போகும். தேவகாந்தாரி நின்று, அசைந்து, இழைந்து வரும். எந்தச் சுரத்தில் நிற்பது, எதைத் தொட்டுவிட்டு ஓடுவது, எதை எவ்வளவு அசைப்பது, எந்தப் பிடியில் தொடங்கி எங்கே முடிப்பது, இவையெல்லாம் சேர்ந்துதான் ராகம்.

மோட் என்று போட்டால் என்ன என்று சிலர் கேட்பீர்கள். அதற்குப் பழைய மரியாதை உண்டு. வில்லியம் ஜோன்ஸ் 1784-இல் எழுதிய கட்டுரையிலேயே நம் ராகங்களை மோட் என்றுதான் சொன்னார். இசை ஆய்வாளர் ஹரால்ட் பவர்ஸ் 1980-இல் வந்த குரோவ் இசைக் கலைக்களஞ்சியத்தில் அந்தச் சொல்லை விரித்து எழுதினார். வெறும் சுர வரிசை ஒரு முனை, கட்டிமுடித்த மெட்டு மறுமுனை, நடுவில் இருக்கிற பரப்புதான் மோட் என்பது அவர் விளக்கம். அவர் சொன்ன பொருளில் ராகம் அதற்குள் நன்றாகவே அடங்குகிறது. ஆனால் கையேட்டைப் புரட்டும் சாதாரண வாசகருக்கு மோட் என்றால் ஒன்றும் புரியாது, இசை படித்தவருக்கு டோரியன், ஃபிரிஜியன் என்று மறுபடியும் சுர வரிசைதான் நினைவுக்கு வரும். அதனால் ராகம் என்ற சொல்லை அப்படியே விடுங்கள். ராகா என்கிற சொல் ஆங்கில அகராதிகளில் ஏறி எவ்வளவோ காலமாகிறது. அடுத்த வரியில் அந்த ஒரு ராகத்தில் எதைக் கேட்பது என்று சொல்லுங்கள்.

இப்போது பைரவிக்கு நான் ஆங்கிலத்தில் எழுதும் குறிப்பைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: 'பைரவியில் ஆறாவது சுரம் இரண்டு உருவில் வரும். குரல் மேல் ஸ்தாயியை நோக்கி ஏறும்போது அது சற்று உயரத்தில் இருக்கும், இறங்கும்போது தாழ்ந்துவிடும். பல சுரங்கள் ஒரே இடத்தில் நிற்காமல் ஊஞ்சல்போல ஆடும். அந்த ஆட்டமும் ராகத்தைச் சேர்ந்ததுதான்.' நான்கு சின்ன வாக்கியம். வடஇந்தியர்கள் வருகிற அரங்கானால் இன்னொரு வரி சேர்ப்பேன்: 'இந்துஸ்தானி பைரவி வேறு, இது வேறு.' அவர்களுடைய பைரவியின் சுரங்கள் நம் தோடியின் சுரங்களோடு ஒத்துப்போகிறவை. பெயரை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் குழம்பிப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, தாளத்துக்கு வருகிறேன்.

பீட் என்கிற ஒரே சொல்லை நம் கையேடுகள் நாலு வேலைக்கு அனுப்புகின்றன. ஆதி தாளத்துக்கு எட்டு பீட் என்கிறோம். மிருதங்கத்தில் விழும் அடியும் பீட். நட்டுவனார் சொல்லும் ஜதியும் பீட். சில சமயம் தாளம் முழுவதுமே பீட். படிக்கிறவர் எதை எண்ணுவார்? என் வழக்கத்தைச் சொல்கிறேன். கையால் போடும் எண்ணிக்கைக்கு கவுன்ட். வாயால் சொல்லும் சொற்கட்டுக்கு சிலபிள். மிருதங்கத்தின் அடிக்கு ஸ்ட்ரோக். ஓர் ஆவர்த்தனத்துக்கு சைக்கிள். இந்த நான்கையும் கையேடு முழுக்க மாற்றாமல் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அடுத்தது, ரூபகத்தை 'மூன்று பீட், வால்ட்ஸ் போல' என்று எழுதும் பழக்கம். ரூபகத்தை இப்போது இரண்டு தட்டு, ஒரு வீச்சு என்று மூன்று எண்ணிக்கையாகப் போடுவது பரவலான வழக்கம். அதனால் மூன்று என்பது சரி. வால்ட்ஸ் என்பதுதான் இடிக்கிறது. வால்ட்ஸில் முதல் எண்ணிக்கை அழுத்தமாக விழும், மற்ற இரண்டும் லேசாக வரும், பாட்டே அந்த அழுத்தத்தின் மேல்தான் நடக்கும். நம் தாளத்தில் தட்டு விழும் இடத்தில் பாட்டு அழுத்தம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. தட்டும் வீச்சும் கையால் பிடித்திருக்கும் அளவுகோல் மாதிரி. பாட்டும் ஜதியும் அதன் குறுக்கே எப்படி வேண்டுமானாலும் போய்வரும், சொன்ன இடத்துக்குத் திரும்பி வந்தால் சரி. வால்ட்ஸை எதிர்பார்த்து உட்கார்ந்தவர் அழுத்தத்தைத் தேடித் தேடிக் களைத்துப்போவார்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று வர்ணத்தின் முதல் ஜதியில் நடக்கிறது. திரிகால ஜதிக்கு, 'ரிதம் மூன்று முறை வேகமாகிறது' என்று எழுதுகிறோம். தாளம் வேகமாவதே இல்லை. பாடுகிறவரின் கையைப் பாருங்கள், தொடக்கத்தில் எந்த நிதானத்தில் தட்டினாரோ கடைசிவரை அதே நிதானம்தான். உதாரணத்துக்கு, முதல் காலத்தில் ஒரு தட்டுக்குள் இரண்டு சொல் விழுகிறது என்றால், இரண்டாம் காலத்தில் அதே இடத்துக்குள் நான்கு, மூன்றாம் காலத்தில் எட்டு. இடம் மாறவில்லை, அதற்குள் அடைக்கிற சொல்லும் கால்வேலையும்தான் இரட்டிக்கின்றன. ஆடும் பிள்ளைக்கு இருக்கிற கஷ்டமே அதில்தான். தாளமும் சேர்ந்து ஓடுகிறது என்றால் கூடவே ஓடிவிடலாம். அசையாத தாளத்துக்குள் இரட்டித்து ஆடி, பிசகாமல் வந்து சேர வேண்டும். 'ரிதம் வேகமாகிறது' என்று எழுதினால், அவள் பல மாதம் பாடுபட்டுக் கற்றது பார்க்கிறவர் கண்ணிலேயே படாமல் போய்விடுகிறது.

அதனால் நான் இப்படி எழுதுகிறேன்: 'பாடகரின் கையைப் பாருங்கள். இரண்டு தட்டு, ஒரு வீச்சு. அந்த நிதானம் வர்ணத்தின் முதல் ஜதி முழுக்க மாறாது. ஆடுபவரின் கால்கள் மட்டும் முதலில் மெதுவாக, பிறகு இரட்டித்து, பிறகு மறுபடியும் இரட்டித்து வரும்.' இந்தக் குறிப்பைப் படித்த ஒரு தாத்தா, பேத்தியின் ஆட்டத்தின்போது தொடையில் தாளம் போட்டுக்கொண்டே மூன்றாம் காலம்வரை வந்துவிட்டார். அதுவரை கச்சேரிப் பக்கமே போகாதவர் அவர். ஜதி முடிந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், "கை மாறவே இல்லை, பார்த்தீர்களா?" என்றார்.

ஒரு நிபந்தனை. குறிப்பு எழுதுவதற்கு முன் குருவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில பாணிகளில் திரிகால ஜதிக்கு நடுவே, மூன்று மூன்றாகப் பிரியும் திஸ்ரமும் சேர்ப்பார்கள். அங்கே வெறுமனே இரட்டிக்கிறது என்று எழுதினால் நாமும் தவறு செய்தவர்களாவோம்.

முத்திரைதான் எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். அதை ஜெஸ்ச்சர் என்று சொல்லும் வழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணத்தை ஆனந்த குமாரசாமியும் துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவும் 1917-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். 'ஜெஸ்ச்சரின் கண்ணாடி' என்பது அந்த ஆங்கிலத் தலைப்பின் பொருள். அபிநயம் முழுவதையும் சொல்ல அவர்கள் எடுத்த சொல் அது. நாம் அதைக் கைக்கு மட்டும் சுருக்கிக்கொண்டோம்.

ஜெஸ்ச்சர் என்றால் படிப்பவர் மனசில் என்ன எழும்? ஒரு கை, அதற்கு ஒரு பொருள். உடனே காது கேளாதோரின் சைகை மொழிபோல ஒவ்வொரு கைக்கும் அர்த்தம் தேட ஆரம்பிக்கிறார். பதாகையை எடுத்துக்கொள்ளுங்கள். விரல்களைச் சேர்த்து நீட்டி, கட்டைவிரலை மடக்கினால் பதாகை. கையேட்டில் 'கொடி' என்று மொழிபெயர்த்துப் போடுகிறோம். அது அந்தக் கையின் பெயர், அவ்வளவுதான். அதன் விநியோகத்தை மனப்பாடம் செய்யாத நாட்டிய மாணவி கிடையாது. நாட்டியத் தொடக்கம், மேகம், காடு, வேண்டாம் என்று மறுப்பது, இரவு, ஆறு, குதிரை, வெட்டுவது, காற்று, படுத்துறங்குவது என்று அந்த ஸ்லோகம் போய்க்கொண்டே இருக்கும். அதே கை அலைபோல நெளிந்து நகர்ந்தால் ஆறு, முகத்துக்கு முன்னே உள்ளங்கை வெளியே தெரிய நிமிர்ந்தால் மறுப்பு. எந்த இடத்தில் வைத்தாள், எப்படி அசைத்தாள், கண் எங்கே போனது, பாட்டில் அப்போது என்ன சொல் வந்தது, இவை நான்கும் சேர்ந்த பிறகுதான் பதாகைக்கு ஒரு பொருள் கிடைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பொருளே இல்லாத கையும் நாட்டியத்தில் உண்டு. அடவு ஆடும்போது பிடிக்கிற பதாகை ஆறும் இல்லை, மேகமும் இல்லை. நீட்டிய கோட்டை அழகாக முடித்து வைக்கிறது, அவ்வளவே. இந்த வித்தியாசத்துக்குத் தமிழில் பேர் வைத்தே எவ்வளவோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியனின் தகுதியைச் சொல்லும்போது பிண்டி, பிணையல், எழிற்கை, தொழிற்கை என்று நான்கையும் அடுக்குகிறது. பிண்டி ஒற்றைக் கை, பிணையல் இரட்டைக் கை. எழிற்கை அழகுக்காகப் பிடிப்பது, தொழிற்கை ஒரு செயலைக் காட்டுவது. மாதவியின் அரங்கேற்றத்துக்கு இருந்த தெளிவு நம் பிள்ளைகளின் அரங்கேற்றக் கையேட்டில் இல்லாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வர்ணத்தில் இந்த இரண்டும் மாறி மாறி வரும். ஜதி ஆடும்போது எழிற்கை, சாகித்தியத்துக்கு அபிநயம் பிடிக்கும்போது தொழிற்கை. இதைச் சொல்லாமல் விட்டால், பார்க்கிறவர் ஜதியில் அர்த்தம் தேடி ஏமாந்து, சாகித்தியம் வரும்போது தேடுவதையே விட்டிருப்பார். நான் எழுதுவது இது: 'ஜதி சொல்லும்போது கைகள் கதை சொல்வதில்லை, உடலின் கோடுகளை மட்டும் பாருங்கள். பாட்டின் வரிகள் திரும்ப வரும்போது கைகள் பேசத் தொடங்கும். அப்போது கையைத் தனியாகப் பார்க்காதீர்கள், கண் போகும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள்.' அதோடு அந்த வர்ணத்தின் ஒரே ஒரு கையை மட்டும் எடுத்து, எந்த வரியில் எப்படி மாறுகிறது என்று காட்டுவேன். 28 ஒற்றைக் கைகளின் படத்தையும் வரிசையாகப் போட்டு ஒரு பக்கத்தை நிரப்புவதைவிட இது கண்ணுக்கு உதவும்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரதத்தில் குருமார்கள் பெரும்பாலும் ஹஸ்தம் என்கிறார்கள், கதகளியில் முத்திரை என்பதே வழக்கு, அங்கே 24 முத்திரைகள் அடிப்படை. ஆங்கிலத்தில் முத்ரா என்றே எழுதுங்கள், தவறில்லை. ஆனால் அதே கையேட்டில் தீட்சிதர் கீர்த்தனையும் இருந்தால் கவனம் தேவை. 'குருகுஹ' என்பது அவருடைய முத்திரை, அதாவது பாட்டுக்குள் அவர் வைக்கும் கையொப்பம். 'குருகுஹ முத்ரா' என்று மேலே எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில் முத்ரா என்றால் ஹேண்ட் ஜெஸ்ச்சர் என்று போட்டிருந்த ஒரு கையேட்டைப் படித்த பள்ளிப் பிள்ளை, எந்த வரியில் அந்தக் கை வரும் என்று கடைசிவரை காத்திருந்துவிட்டு என்னிடம் வந்து கேட்டாள். அது நான் எழுதிய கையேடு. இப்போதெல்லாம் பாட்டில் வருவதை சிக்னேச்சர் என்று எழுதிவிடுகிறேன். இங்கே அந்த ஆங்கிலச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது, பொருந்துகிற இடத்தில் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

எழுத்துக்கூட்டல் பற்றி நிறையச் சண்டை போடுகிறோம், ராகாவா ராகமா, தாலாவா தாளமா என்று. கையேடு முழுக்க ஒன்றையே பின்பற்றினால் போதும்.

மார்கழிக்கான கையேடுகள் ஐப்பசியிலேயே அச்சகத்துக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு முன் இந்த இரண்டை மட்டும் செய்யுங்கள் என்று கேட்கிறேன். கடைசிப் பக்கக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். அதில் மிச்சமாகும் இடத்தை வர்ணத்துக்குக் கொடுங்கள்: ராகத்துக்கு நான்கு வாக்கியம், தாளத்துக்கு நான்கு, கைக்கு மூன்று. எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் பாடுகிறவரிடமும் நட்டுவனாரிடமும் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள், ஐந்து நிமிட வேலை. பைரவிக்கும் ரூபகத்துக்கும் நான் மேலே சொன்ன குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து ஒரு நிகழ்ச்சிக் குறிப்பாளர்